‘ஜிபே பண்ணிட்டேன் அண்ணாச்சி’: வயதான கடைக்காரர்களுக்கான மோசடி விழிப்புணர்வு வீடியோ எதைப் பேச வேண்டும்?

‘ஓடிபி யாருக்கும் சொல்லாதீங்க, தெரியாத லிங்க்கைத் தொடாதீங்க.’ டிஜிட்டல் பண மோசடி பற்றிய விழிப்புணர்வு வீடியோக்களில் பல இந்த இரண்டு வரிகளோடு முடிந்துவிடுகின்றன. அறிவுரை சரிதான். ஆனால், அறுபத்தைந்து வயதில் மளிகைக் கடை நடத்தும் ஒருவரிடம் கல்லாவுக்கு எதிரே நின்று யாரும் ஓடிபி கேட்பதில்லை. அங்கே நடப்பது வேறு. சாமான் வாங்கியவர் செல்போனைத் திருப்பிக் காட்டி, ‘போட்டாச்சு’ என்கிறார். கடைக்காரர் தலையாட்டுகிறார். பை போய்விடுகிறது. இரவு கணக்குப் பார்க்கும்போதுதான் பணம் வரவில்லை என்பது தெரிகிறது.

இத்தகைய கடைக்காரர்களுக்காக ஒரு வீடியோ எடுப்பதாக இருந்தால், அதற்கான உரை எப்படி இருக்க வேண்டும்? முதலில், அவர்கள் ஏன் ஏமாறுகிறார்கள் என்று பார்க்க வேண்டும். ‘வயசானவங்களுக்கு டெக்னாலஜி தெரியாது’ என்பது பாதி உண்மைதான். காட்டப்படும் திரையைச் சந்தேகிக்கத் தெரியாமல் பலர் ஏமாறுவதில்லை. சந்தேகம் வந்தும் கேட்கக் கூச்சப்படுகிறார்கள். வாடிக்கையாளரை நம்பாதது மாதிரி ஆகிவிடுமே என்ற தயக்கம். பின்னால் நான்கு பேர் நிற்கிறார்கள். மூக்குக் கண்ணாடி வேறு எங்கேயோ கிடக்கிறது. மோசடிக்காரர் நம்பியிருப்பது இந்தச் சில விநாடிகளைத்தான். எனவே, உரை எச்சரிக்கையோடு நின்றுவிடக் கூடாது. அந்த நேரத்தில் வாயில் வர வேண்டிய ஒரு வாக்கியத்தைக் கையில் கொடுக்க வேண்டும்.

முதல் காட்சி: பச்சை டிக்

(மாலை ஏழு மணி. மளிகைக் கடை. கூட்டம்.)

இளைஞர்: அண்ணாச்சி, 1,840 ரூபா ஜிபே பண்ணிட்டேன். இந்தா பாருங்க.

(செல்போனில் பச்சை டிக். கடையின் பெயரும் தொகையும் தெரிகின்றன.)

கடைக்காரர்: ஸ்பீக்கர் இன்னும் பேசலையே தம்பி.

இளைஞர்: எனக்குக் கட் ஆயிடுச்சே. உங்களுக்கு நெட் ஸ்லோவா இருக்கும். பைக்க ரோட்டுல நிறுத்திட்டு வந்திருக்கேன் அண்ணாச்சி.

கடைக்காரர்: பரவாயில்ல தம்பி, பைய இங்கயே வெச்சிருக்கேன். ஸ்பீக்கர் பேசின உடனே எடுத்துக்கோங்க. எல்லாருக்கும் இதே வழக்கம்தான்.

பின்னணிக் குரல்: அவர் போன்ல தெரியறது அவர் சொல்ற கணக்கு. உங்க போன்லயும் உங்க ஸ்பீக்கர்லயும் வர்றதுதான் உங்க கணக்கு.

இதில் ‘எல்லாருக்கும் இதே வழக்கம்தான்’ என்ற வரிக்குத்தான் அதிக வேலை. அது எதிரில் நிற்பவரைத் திருடன் என்று சொல்லவில்லை; கடையின் வழக்கத்தைச் சொல்கிறது. நேர்மையான வாடிக்கையாளர் கோபப்பட அதில் எதுவுமில்லை.

அந்தப் பச்சை டிக் எப்படி வருகிறது? பிரபலமான பணச் செயலிகளைப் போலவே தோற்றமளிக்கும் போலிச் செயலிகள் இருக்கின்றன. பெயரையும் தொகையையும் கையால் தட்டினால் போதும், ‘பணம் சென்றுவிட்டது’ என்ற திரை வந்துவிடும். உண்மையான யுபிஐ பரிவர்த்தனைக்கு 12 இலக்க எண் ஒன்று உண்டு. போலித் திரையிலும் 12 இலக்கம் இருக்கும். ‘டிங்’ சத்தம்கூட வரலாம். ஆகவே, ‘திரையை உற்றுப் பாருங்கள், எழுத்துரு வித்தியாசமாக இருக்கும்’ என்றெல்லாம் சொல்லிக்கொடுப்பது வீண். எவ்வளவு உற்றுப் பார்த்தாலும் அது அடுத்தவர் திரைதான்.

இந்த மோசடியில் இன்னொரு சிக்கலும் இருக்கிறது. பணம் திருடப்பட்டால், எந்தக் கணக்குக்குப் போனது என்று தேடலாம். இங்கே பணப் பரிவர்த்தனையே நடக்கவில்லை, போனது சாமான். வங்கியால் முடக்குவதற்கு எந்தத் தொகையும் இல்லை. கேமரா பதிவு இருந்தால் அதை எடுத்துக்கொண்டு காவல் நிலையத்துக்குப் போகலாம், அவ்வளவுதான். கல்லாவில் காத்திருக்கும் அரை நிமிடத்தை விட்டால் பிறகு பெரிதாக வழியில்லை.

‘வங்கியில் பாருங்கள்’ என்று சொன்னால் போதாதா?

போதாது. பல வீடியோக்கள் சறுக்குவது இந்த இடத்தில்தான். ஸ்பீக்கரோடு வரும் வியாபாரிகளுக்கான க்யூஆர் அட்டையில் பணம் விழுந்தால், அது உடனே வங்கிக் கணக்கில் சேர வேண்டும் என்பதில்லை. சில கடைகளுக்கு அன்றைய வசூல் மொத்தமாக மறுநாள்தான் வங்கிக்குப் போகும். அப்படிப்பட்டவர் வங்கி இருப்பைப் பார்த்தால், வந்த பணமும் வராத மாதிரியே தெரியும். அவர் பார்க்க வேண்டியது அந்த நிறுவனத்தின் வியாபாரிகளுக்கான செயலியில் உள்ள வரவுப் பட்டியலை.

எஸ்.எம்.எஸ்ஸையும் முழுதாக நம்ப முடியாது. யுபிஐ மூலம் வரும் சிறு தொகைகளுக்கு எல்லா வங்கியும் குறுஞ்செய்தி அனுப்புவதில்லை. எச்.டி.எஃப்.சி. வங்கி 2024 ஜூன் 25 முதல், 500 ரூபாய்க்குக் குறைவான யுபிஐ வரவுக்குக் குறுஞ்செய்தி அனுப்புவதை நிறுத்தியது. டீக்கடைக்கும் பூக்கடைக்கும் வரும் தொகைகளில் பெரும்பகுதி அதற்குள்தான் அடங்கும். அங்கே செய்தி வராதது எதையும் நிரூபிக்காது.

ஸ்பீக்கரும் தவறாத சாட்சி இல்லை. அதற்குத் தனி சிம் உண்டு. சிக்னல் போனால் பேசாது, சார்ஜ் தீர்ந்தாலும் பேசாது. கடையில் மூன்று நிறுவனங்களின் க்யூஆர் அட்டைகள் ஒட்டியிருந்தால், ஸ்பீக்கர் தன் நிறுவனத்தின் அட்டையில் விழும் பணத்தை மட்டும் சொல்லும். கடைக்காரரின் செல் நம்பருக்கு நேரடியாகப் போட்ட பணத்தையும் அது சொல்லாமல் போகலாம். ஆகவே, உரையில் ஒரு வரி சேர வேண்டும்: ‘ஸ்கேனர் ஒண்ணே ஒண்ணு வெச்சுக்கோங்க அண்ணாச்சி. எது பேசுதோ அத மட்டும் வைங்க.’

உண்மையிலேயே வாடிக்கையாளருக்குப் பணம் கழிந்து, கடைக்கு வராமல் தொங்குவதும் உண்டு. அதற்கு ரிசர்வ் வங்கியின் 2019 செப்டம்பர் சுற்றறிக்கை வழி சொல்கிறது. கடைகளுக்கு யுபிஐ மூலம் செலுத்திய பணம் கழிக்கப்பட்டு, கடைக்குச் சேர்ந்ததற்கான உறுதி வராவிட்டால், 5 நாட்களுக்குள் அது தானாகவே திரும்ப வேண்டும். தாமதமானால் நாளொன்றுக்கு 100 ரூபாய் இழப்பீடு. கடைக்காரர் இதைப் பேச்சுத் தமிழில் சொல்லிக்கொள்ளலாம்: ‘கட் ஆயிருந்தா உங்க பேங்க்கே திருப்பிப் போட்டுடும் தம்பி. எனக்கு வந்துட்டா நானே கூப்பிட்டுச் சொல்றேன்.’

இரண்டாம் காட்சி: அழுகிற குரல்

(மதிய நேரம். கடையில் ஆள் இல்லை. போன் மணி அடிக்கிறது.)

குரல்: அண்ணாச்சி, நேத்து பாக்கி 500 ரூபா அனுப்பறேன்னு தப்பா 5,000 அனுப்பிட்டேன். ஆஸ்பத்திரிக்கு வெச்சிருந்த காசு. 4,500 உடனே திருப்பி அனுப்பிடுங்க அண்ணாச்சி.

(எஸ்.எம்.எஸ். வருகிறது: உங்கள் கணக்கில் ரூ.5,000 வரவு.)

இங்கே கடைக்காரரின் நல்ல மனசுதான் குறி. அந்தக் குறுஞ்செய்தியை அனுப்பியது வங்கி அல்ல, போன் செய்தவர். அனுப்பியவர் இடத்தில் பத்து இலக்க செல் நம்பர் இருந்தால் அது வங்கிச் செய்தியே இல்லை. வங்கிகளின் செய்தி எழுத்துகளால் ஆன பெயரில் வரும். இந்தச் சின்ன அடையாளம் தெரியாமல் 4,500 ரூபாயை ‘திருப்பி’ அனுப்பினால், போவது அவருடைய சொந்தப் பணம்.

கடைக்காரர்: சரிம்மா, கணக்குல பாத்துட்டுச் சொல்றேன். தப்பா வந்திருந்தா நீங்க உங்க பேங்க்ல எழுதிக் குடுங்க. பேங்க் கேட்டா நான் சரின்னு சொல்லிடறேன்.

பணம் நிஜமாகவே வந்திருந்தாலும் பதில் இதுதான். வேறு யாரிடமோ திருடிய பணம் இவர் கணக்கு வழியாகக் கைமாறுவதாக இருக்கலாம். அந்தத் திருட்டு பற்றிப் புகார் எழும்போது, பணம் தொட்டுச் சென்ற கணக்குகளும் முடக்கப்படுகின்றன. அவசரப்பட்டு அனுப்பியவர் தன் கணக்கைத் திறக்க அலைய நேரிடும்.

‘பணம் வாங்குவதற்கு பின் நம்பர் தேவையில்லை’ என்ற பழைய பாடமும் உரையில் இடம்பெற வேண்டும். ஆனால், அதைப் புதுப்பிக்க வேண்டியிருக்கிறது. தனிநபர்கள் ஒருவரிடம் ஒருவர் பணம் கேட்டு அனுப்பும் யுபிஐ கோரிக்கையை 2025 அக்டோபர் 1 முதல் தேசியப் பணப்பட்டுவாடா கழகம் நிறுத்திவிட்டது. அந்த வழியில் நடந்த மோசடிக்கு இடம் குறைந்திருக்கிறது. அதே மாதம், பின் நம்பருக்குப் பதிலாக விரல் ரேகை, முக அடையாளம் வைத்துப் பணம் செலுத்தும் வசதியும் வந்தது. ஆகவே, ‘பின் நம்பரும் விரலும் காசு வெளிய போறதுக்குத்தான், உள்ள வர்றதுக்கு இல்ல’ என்று சொல்வதுதான் இப்போது சரி.

காலையில் ஒரு நிமிடம்

மத்தியப் பிரதேசத்தின் கஜுராஹோவில் 2025 ஜனவரியில் சில கடைகளிலும் ஒரு பெட்ரோல் பங்க்கிலும் இரவோடு இரவாக க்யூஆர் அட்டைகள் மீது வேறு அட்டைகளை ஒட்டிவிட்டுப் போனார்கள். மறுநாள் வாடிக்கையாளர்கள் நேர்மையாகத்தான் பணம் போட்டார்கள். அது வேறொருவர் கணக்குக்குப் போனது. ஸ்கேன் செய்தபோது வேறு பெயர் வந்ததால்தான் விஷயம் தெரிந்தது.

இதற்கான சோதனைக்குக் காசு வேண்டியதில்லை. கடை திறந்ததும் மகனோ, கடைப் பையனோ அட்டையை ஸ்கேன் செய்தால் பெயர் தெரியும். கடையின் பெயரோ உரிமையாளர் பெயரோ வந்தால் பின்னால் போய்விடலாம், பணம் அனுப்ப வேண்டியதில்லை. அட்டையைத் தெருப் பக்கம் ஒட்டாமல் கல்லாவுக்கு அருகே வைத்து, இரவில் உள்ளே எடுத்து வைப்பது இன்னும் எளிது.

இவ்வளவுக்குப் பிறகும் கணக்கிலிருந்து பணம் போய்விட்டால் அழைக்க வேண்டிய எண் 1930, புகாரை cybercrime.gov.in தளத்திலும் பதியலாம். போன தொகை, நேரம், 12 இலக்கப் பரிவர்த்தனை எண் ஆகியவற்றைக் கையில் வைத்துக்கொண்டு பேச வேண்டும். பணம் அடுத்தடுத்த கணக்குகளுக்குத் தாண்டுவதற்குள் பிடிக்க வேண்டும் என்பதால் ‘சாயங்காலம் பையன் வந்ததும் பாத்துக்கலாம்’ என்று இருக்கக் கூடாது. தானே பின் நம்பர் போட்டு அனுப்பிய பணத்தை வங்கியிடமிருந்து இழப்பீடாகப் பெறுவது கடினம். ரிசர்வ் வங்கியின் 2017 விதிகள் பாதுகாப்பது முக்கியமாக, வாடிக்கையாளரின் தவறு இல்லாமல் போன பணத்தை.

உரையில் பொதுவாக விடுபட்டுப்போகும் ஒரு விஷயம் உண்டு. பல வயதான கடைக்காரர்களின் க்யூஆர் அட்டை, வெளியூரில் வேலை பார்க்கும் மகன் அல்லது மகளின் எண்ணோடு இணைந்திருக்கிறது. வரவுச் செய்தி அங்கே போகிறது. கல்லாவில் இருப்பவருக்கு ஸ்பீக்கரைத் தவிர வேறு சாட்சி இல்லை. அவர்களுக்கான வரியை வீடியோ பிள்ளைகளைப் பார்த்துச் சொல்ல வேண்டும்: ‘தம்பி, வியாபாரச் செயலிய அப்பா போன்லயும் போட்டுக் குடுங்க. எழுத்தப் பெருசாக்கி வைங்க. வரவ எங்க பாக்கறதுன்னு ரெண்டு தடவ அவரையே தொட்டுப் பாக்கச் சொல்லுங்க.’