முப்பது நாளுக்கு ஒருமுறை என்பது மாதக் கடைசி ஆகாது

கம்ப்யூட்டர் வாங்கிய புதிதில் நம்மில் பலரும் ஆசையாகச் செய்யும் காரியம், "இதை நீயே ஞாபகம் வைத்துக்கொள்" என்று அதனிடம் ஒரு வேலையை ஒப்படைப்பது. விண்டோஸில் அதற்கென்றே Task Scheduler என்ற வசதி இருக்கிறது. தினமும் அல்லது இத்தனை நாட்களுக்கு ஒருமுறை என்று சொல்லிவிட்டால், சொன்னபடி வேலையைத் தொடங்கிவிடும். ஆனால் பணம், சம்பளம், கணக்கு என்று வரும்போது "இத்தனை நாட்களுக்கு ஒருமுறை" என்ற கட்டத்தை நிரப்பவே கூடாது என்பது என் கருத்து. அனுபவப்பட்டுச் சொல்கிறேன்.

என் மாமா சிறிய அச்சகம் ஒன்றை நடத்துகிறார். நான்கு ஊழியர்கள். மாதத்தின் கடைசி வேலை நாளில் வங்கியிலிருந்து ரொக்கம் எடுத்து, கவரில் போட்டுக் கையில் கொடுப்பது அவர் வழக்கம். 2025 ஜனவரியில் வீட்டுக்கு ஒரு லேப்டாப் வாங்கினார். "தம்பி, சம்பளத்துக்குப் பணம் எடுக்கணும்னு இது ஞாபகப்படுத்துமா?" என்று கேட்டார். அதற்கென்ன என்று நான் உட்கார்ந்து, ஜனவரி 31-ல் தொடங்கி 30 நாட்களுக்கு ஒருமுறை ஒரு நோட்பேட் குறிப்பு திறக்கும்படி அமைத்துக் கொடுத்தேன்.

பிப்ரவரி முழுவதும் குறிப்பு வரவில்லை. விரல் விட்டு எண்ணிப் பாருங்கள். ஜனவரி 31-லிருந்து 30 நாள் என்றால் மார்ச் 2. அதற்கடுத்து ஏப்ரல் 1, பிறகு மே 1, பிறகு மே 31. அதாவது பிப்ரவரிக்கு ஒன்றுமில்லை. மே மாதத்துக்கு இரண்டு! கம்ப்யூட்டர் ஒரு தவறும் செய்யவில்லை. நான் சொன்னதை அப்படியே செய்திருக்கிறது. நல்லவேளை, அந்த மாதம் மாமாவே நினைவு வைத்துப் பணம் எடுத்துவிட்டார்.

உடனே திருத்தினேன். Monthly என்பதைத் தேர்ந்தெடுத்தால் Days என்ற பட்டியலில் 1 முதல் 31 வரையான எண்களுக்குக் கீழே Last என்று ஒன்று இருக்கும். 31 என்று தேர்ந்தெடுத்தால் 31 நாள் உள்ள ஏழு மாதங்களில் மட்டுமே வேலை நடக்கும். Last என்றால் எந்த மாதமானாலும் அதன் கடைசி நாள். அதைத் தேர்ந்தெடுத்துவிட்டு, இனி கவலையில்லை என்று மாமாவிடம் சொன்னேன்.

மார்ச் 31 காலை குறிப்பு சரியாகத் திறந்தது. அன்று ரம்ஜான். அரசின் வரவு செலவுகளுக்காக மட்டும் சில வங்கிகளைத் திறந்து வைக்க ரிசர்வ் வங்கி சொல்லியிருந்தது. மாமா போன்ற சாதாரண வாடிக்கையாளருக்கு விடுமுறைதான். முந்தைய நாள் ஞாயிறு. மறுநாள் ஏப்ரல் 1, வங்கிகளின் ஆண்டுக் கணக்கு முடிப்பு விடுமுறை. எங்கள் அச்சகத்தில் பைண்டிங் பார்க்கும் பெரியவரை எல்லோரும் பாய் என்றுதான் கூப்பிடுவோம். சனிக்கிழமை மாலை அவர் சம்பளம் கேட்காமலே போய்விட்டார். கேட்கும் வழக்கம் அவருக்குக் கிடையாது; பெருநாளைக்கு முன்பே வந்துவிடும் என்று நம்பியிருப்பார். மாமா ஏடிஎம்மில் முடிந்தவரை எடுத்து, பெருநாள் அன்று அவர் வீட்டு வாசலில் போய்க் கொடுத்தார். மற்ற மூவருக்கும் ஏப்ரல் 2-ல்தான் சம்பளம். மாமா என்னைத் திட்டவில்லை. "லேப்டாப்புக்கு ரம்ஜான் எப்படிப்பா தெரியும்?" என்று மட்டும் கேட்டார்.

சரியான கேள்வி. Task Scheduler-க்கு நாட்களை எண்ணத் தெரியும். எது வேலை நாள், எது விடுமுறை என்பது தெரியாது. அதை நாம்தான் சொல்லித்தர வேண்டும். அதற்கு முன் நமக்கு நாமே இரண்டு கேள்விகள் கேட்டுக்கொள்ள வேண்டும்.

முதல் கேள்வி: இது யாருடைய காலண்டர்? அச்சகம் சனிக்கிழமைகளில் எல்லாம் திறந்திருக்கும். வங்கிக்கோ 2015 செப்டம்பர் 1 முதல் இரண்டாம், நான்காம் சனிக்கிழமைகள் விடுமுறை. ஒன்றாம், மூன்றாம், ஐந்தாம் சனிக்கிழமைகள் வேலை நாட்கள். பணம் எடுக்கும் வேலைக்கு வங்கியின் காலண்டரைத்தான் பார்க்க வேண்டும். சுவரில் தொங்கும் காலண்டரில் சிவப்பில் இருக்கும் நாட்கள் மட்டும் போதாது.

இரண்டாம் கேள்வி: நாள் விடுமுறையில் விழுந்தால் முன்னே போவதா, பின்னே போவதா? சட்டத்திலேயே இரண்டும் உண்டு. 1881-ம் ஆண்டின் மாற்று முறை ஆவணச் சட்டத்தின் 25-ம் பிரிவுப்படி, ஓர் உண்டியலின் தவணை நாள் பொது விடுமுறையானால் அதற்கு முந்தைய வேலை நாளே தவணை நாளாகிறது. நீதிமன்றத்திலோ அரசு அலுவலகத்திலோ ஒன்றைச் செய்யவேண்டிய கடைசி நாளில் அது மூடியிருந்தால், 1897-ம் ஆண்டின் பொது வாசகங்கள் சட்டத்தின் 10-ம் பிரிவு அடுத்த வேலை நாளை ஏற்றுக்கொள்கிறது. நம் வீட்டு வேலைகளும் இப்படித்தான். சம்பளம் முந்தைய நாளுக்குப் போகவேண்டும். மாதக் கணக்கை முடித்து வங்கிப் பாஸ்புக்கோடு ஒப்பிடும் வேலை அடுத்த வேலை நாளுக்குப் போகவேண்டும். முன்கூட்டியே முடித்தால் கடைசி இரண்டு நாள் விற்பனை விட்டுப்போகும்.

இந்த இரண்டுக்கும் விடை தெரிந்துவிட்டால் மிச்ச வேலையை எக்ஸெல் பார்த்துக்கொள்ளும். மாமாவுக்கு நான் செய்து கொடுத்ததைச் சொல்கிறேன். ஒரு ஷீட்டில் E2 முதல் கீழ்நோக்கி வங்கி விடுமுறைகளின் தேதிகளை ஒவ்வொன்றாக டைப் செய்திடுங்கள். சென்னைக்கான பட்டியல் ரிசர்வ் வங்கியின் இணையதளத்தில் கிடைக்கும். இரண்டாம், நான்காம் சனிக்கிழமைகளையும் அதே பட்டியலில் சேர்த்துவிடுங்கள். A2 முதல் ஒவ்வொரு மாதத்தின் முதல் தேதியையும் எழுதுங்கள். B2-ல் இந்த பார்முலா:

```
=WORKDAY.INTL(EOMONTH(A2,0)+1,-1,11,$E$2:$E$60)
```

EOMONTH மாதத்தின் கடைசித் தேதியைத் தருகிறது. அதில் ஒன்றைக் கூட்டினால் அடுத்த மாதம் முதல் தேதி. அங்கிருந்து ஒரு வேலை நாள் பின்னோக்கி வா என்பதுதான் -1. அந்த +1-ஐ விட்டுவிடாதீர்கள். விட்டால் மாதத்தின் கடைசித் தேதி வேலை நாளாகவே இருந்தாலும் அதை எண்ணாமல் ஒரு நாள் முன்னதாகவே காட்டும். 11 என்ற எண்ணுக்கு வாரவிடுமுறை ஞாயிறு மட்டும் என்று பொருள். விடை ஏதோ ஒரு எண்ணாக வந்தால் பயப்படவேண்டாம். அந்தக் கட்டத்துக்குத் தேதி வடிவம் கொடுத்தால் சரியாகிவிடும். இந்தக் கட்டளை எக்ஸெல் 2010 முதல் இருக்கிறது.

2025 மார்ச் மாதத்தை இதில் போட்டுப் பாருங்கள். விடுமுறைப் பட்டியலே இல்லாவிட்டால் 31 என்று வரும்; நான் செய்த அதே தவறு. பட்டியல் இருந்து, 11 என்பதற்குப் பதில் 1 என்று போட்டால் எக்ஸெல் சனியும் ஞாயிறும் விடுமுறை என்று எடுத்துக்கொண்டு 28, வெள்ளி என்று சொல்லும். இரண்டையும் சரியாகக் கொடுத்தால் 29, சனிக்கிழமை. அது ஐந்தாவது சனி. வங்கி திறந்திருந்த நாள். ஒரே கேள்விக்கு மூன்று விடைகள். எக்ஸெல் மாறவில்லை, நாம் கொடுத்த காலண்டர்தான் மாறியது.

கணக்கு முடிக்கும் நாளுக்கு +1-ஐ எடுத்துவிட்டு, -1 என்பதை 1 என்று மாற்றினால் போதும். ஏப்ரல் 1-ம் பட்டியலில் இருப்பதால் 2025 ஏப்ரல் 2 என்று சரியாக வரும்.

இனி இந்தத் தேதிகளை Task Scheduler-க்குச் சொல்லவேண்டும். தேதிகளுக்கு yyyy-mm-dd வடிவம் கொடுத்து, காப்பி செய்து, நோட்பேடில் ஒட்டி C:\kanakku என்ற போல்டரில் dates.txt என்று சேமியுங்கள். sambalam.txt என்ற இன்னொரு பைலில் உங்கள் குறிப்பை எழுதுங்கள். பிறகு கீழே உள்ளதை check.bat என்ற பெயரில் அதே போல்டரில் சேமியுங்கள்.

```
@echo off
for /f %%d in ('powershell -NoProfile -Command "Get-Date -Format yyyy-MM-dd"') do set T=%%d
findstr /c:"%T%" C:\kanakku\dates.txt >nul && start "" notepad C:\kanakku\sambalam.txt
```

Task Scheduler-ல் check.bat தினமும் காலை ஒன்பது மணிக்கு இயங்கும்படி அமைத்திடுங்கள். தினமும் ஓடும், ஆனால் இன்றைய தேதி பட்டியலில் இருந்தால் மட்டுமே குறிப்பைத் திறக்கும். தினமும் என்ற அமைப்பு இங்கே எட்டிப் பார்ப்பதற்கு மட்டும். எந்த நாள் என்று தீர்மானிப்பது உங்கள் பட்டியல்.

மூன்று இடங்களில் இது காலை வாரிவிடக்கூடும். லேப்டாப் சார்ஜரில் இல்லாவிட்டால் வேலை தொடங்காது என்பதுதான் வழக்கமான அமைப்பு. Conditions பகுதியில் AC power என்று வரும் வரியின் டிக் அடையாளத்தை எடுத்துவிடுங்கள். ஒன்பது மணிக்கு லேப்டாப் அணைந்திருந்தால், Settings பகுதியில் Run task as soon as possible after a scheduled start is missed என்பதில் டிக் செய்திருந்தால் பிறகு இயங்கும். ஆனால் மறுநாள்தான் திறக்கிறீர்கள் என்றால் தேதி பொருந்தாது, சத்தமில்லாமல் போய்விடும். அதனால் -1 தரும் தேதியோடு -2 தரும் தேதியையும் பட்டியலில் சேர்த்துவிடுங்கள். மார்ச் 2025 என்றால் 28, 29 இரண்டு நாளும் குறிப்பு வரும்.

மூன்றாவதுதான் மோசமானது. டிசம்பரோடு பட்டியல் தீர்ந்துவிட்டால் எந்தப் பிழைச் செய்தியும் வராது. ஜனவரியிலும் வேலை தினமும் ஓடும்; ஒன்றும் செய்யாது. பார்ப்பதற்கு எல்லாம் சரியாகவே தெரியும். டிசம்பர் 15 என்ற தேதியையும் பட்டியலில் சேர்த்து, "இது டிசம்பர் 15 என்றால் புது வருடப் பட்டியலை எழுது" என்ற வரியையும் sambalam.txt-ல் எழுதி வையுங்கள். ரம்ஜான், பக்ரீத் போன்றவை பிறை பார்த்து முடிவாவதால், அந்த மாதங்களில் செய்தித்தாளைப் பார்த்து ஒருமுறை திருத்துவதும் உங்கள் வேலைதான்.

இவ்வளவு எதற்கு, போனில் அலாரம் வைத்தால் போதாதா என்று கேட்பவர்கள் உண்டு. வைக்கலாம். ஆனால் "மாதாமாதம்" என்று வைக்கும் அலாரத்துக்கும் விடுமுறை தெரியாது. வருடத்துக்கு ஒருநாள் உட்கார்ந்து பன்னிரண்டு மாதத் தேதிகளையும் எழுதிவைக்க எனக்கு அரை மணி நேரம்கூட ஆவதில்லை. இப்போது ஒவ்வொரு டிசம்பரிலும் மாமா விடுமுறைப் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு வாசிக்கிறார், நான் டைப் செய்கிறேன். ரம்ஜான் தேதி வந்ததும் அவர் ஒருமுறை நிறுத்தி, "சரியாப் போட்டியா?" என்று கேட்டுவிட்டுத்தான் அடுத்ததற்குப் போவார்.