மயங்கியவரும் மேலே நின்றவர்களும்

நகராட்சி ஒன்றின் பாதாள சாக்கடைப் பிரிவில் மேற்பார்வையாளனாக இருக்கும் என்னிடம் இவ்வாரத் தலையங்கத்தை ஒப்படைத்த ஆசிரியர், விஷவாயு விபத்துகளில் இருவரும் மூவருமாகச் சேர்ந்தே மாள்கிறார்களே, அதன் காரணம் என்ன என்று கேட்டார். முதலில் இறங்கியவரை வாயு வீழ்த்துகிறது. அடுத்தவரை அவர்மீது கொண்ட அன்பு இறக்கிவிடுகிறது.

மலமும் சேறும் காற்றுப் படாமல் அழுகும் இடத்தில் பிறக்கும் ஹைட்ரஜன் சல்பைடு காற்றைக் காட்டிலும் கனமானதாகையால் குழியின் அடியிலேயே தங்குகிறது. அற்பமான அளவில் அழுகிய முட்டையின் நாற்றத்தால் தன்னைக் காட்டிக் கொடுக்கும் இவ்வாயு, காற்றின் பத்து லட்சம் பங்கில் நூறு பங்கை எட்டியதும் மோப்ப சக்தியையே மரத்துப்போகச் செய்துவிடுவதால், நாற்றம் நீங்கியதென்று உள்ளே இருப்பவர் நிம்மதி கொள்ளும் தருணமே அபாயத்தின் உச்சமாகிறது. ஆயிரம் பங்கை நெருங்கினாலோ ஓரிரு மூச்சில் பிரக்ஞை தப்பிவிடும். தீக்குச்சி கிழித்துப் பார்க்கும் பழைய வழக்கத்தால் இதை அளக்க முடியாதென்பதோடு, மீதேன் வாயு இருந்தால் குழியே தீப்பற்றும். முகத்தில் கட்டும் துணிக்கு இவ்வாயுவைத் தடுக்கும் திராணி கிடையாது.

எங்கள் ஊரில் நிகழ்ந்ததைச் சொல்கிறேன். பன்னிரண்டடி ஆழமுள்ள ஒரு குழியில் மேல்மூடி உடைந்து விழுந்து, அதன் காங்கிரீட் துண்டு குழாயின் வாயை அடைத்துக்கொள்ள, ஜெட்ராடிங் வண்டியின் நீர்விசைக்கும் அது அசையாமற்போனபின், ஆணையரின் எழுத்து மூலமான அனுமதியின் பேரில் குத்தகைதாரரின் பணியாளர் ஒருவர் இறங்கினார். இருபுறத்துக் குழிகளின் மூடிகளையும் முன்கூட்டியே திறந்து காற்றாட விட்டிருந்தோம். வாயு அளவுமானியை மேல், நடு, அடி என்று மூன்று மட்டங்களிலும் இறக்கிப் பார்த்ததில் பிராணவாயு 20.9 சதவீதம் இருந்தது, விஷவாயு தென்படவில்லை. ஆயினும் அளவுமானி காட்டுவது அந்த நிமிஷத்துக் காற்றை மாத்திரமே. சேற்றுக்குள் சிறைப்பட்டுக் கிடப்பதை அது அறியாது. கடப்பாரையால் துண்டை நெம்பியதும் அதன் பின்னே தேங்கியிருந்த கசடு பீறிட்டது. அவர் மார்பில் மாட்டியிருந்த மானி அலறிற்று. குத்தகைதாரர் தந்த முகமூடியின் ரப்பர் விளிம்பு நைந்திருந்தபடியால் காற்றுக் குழாயும் உதவாமற்போக, ஏணியின் இரண்டாம் படியைத் தொடுமுன் அவர் சாய்ந்தார்.

"அண்ணே!" என்று அலறிய அவருடைய தம்பி அடுத்த கணமே காலைக் குழிக்குள் வைத்துவிட்டார். இருவர் அவர் இடுப்பைப் பற்றி இழுத்து மண்ணில் சாய்த்தோம். அதற்காக அவர் எங்களை ஏசிய ஏச்சு இன்றும் நினைவிருக்கிறது. மயங்கியவரின் மார்பையும் தொடைகளையும் சேர்த்துப் பிணைத்த பட்டையிலிருந்து, குழிமேல் நிறுத்திய முக்காலியின் கப்பிக்குக் கயிறு ஏற்கெனவே சென்றிருந்ததனால், சக்கரத்தைச் சுற்றி ஓரிரு நிமிஷத்தில் அவரை மேலே கொணர முடிந்தது. இடுப்பில் மட்டும் கட்டிய கயிறாயிருந்தால், துவண்ட உடல் இரண்டாக மடிந்து, ஏறக்குறைய இரண்டடி அகலமுள்ள வாயில் சிக்கிக்கொண்டிருக்கும். 108 வண்டியில் வந்தவர்களிடம் இன்ன வாயு என்று சொல்லி அனுப்பினோம், அவர் பிழைத்தார். முக்காலி நிறுத்துவதால் வேலை தாமதமாகிறதென்று மறுவாரம் முறையிட்ட அந்தக் குத்தகைதாரரின் சாமர்த்தியத்தை என்னென்பது!

சட்டம் இதில் ஊமையாக இல்லை. 2013ஆம் ஆண்டுச் சட்டம் பாதுகாப்பின்றிச் சாக்கடைக்குள் ஆளை இறக்குவதைத் தடுத்து, முதற் குற்றத்துக்கே இரண்டாண்டு வரை சிறையோ, இரண்டு லட்சம் ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்க இடந்தருகிறது. சாக்கடை மரணத்துக்கான இழப்பீட்டை 2023 அக்டோபரில் உச்சநீதிமன்றம் பத்து லட்சத்திலிருந்து முப்பது லட்சமாக உயர்த்தியிருக்கிறது. ஆனால் இழப்பீட்டுக் காசோலை எழுதும் கை, முகமூடியின் ரப்பர் விளிம்பை மாற்ற ஏன் நீளவில்லை என்று நகர்மன்றங்களில் எவரும் கேட்பதாகக் காணோம்.

ஆகையால் நகர்மன்ற உறுப்பினர்கள் அடுத்த கூட்டத்தில் முக்காலியையும், பட்டையையும், காற்றுக் குழாய் முகமூடியையும் மேஜைமேல் கொணரச் சொல்லிப் பார்வையிட வேண்டும். இவை இல்லாத ஊரில் எந்தக் குழிக்குள்ளும் எவரையும் இறக்கலாகாது. வாசகரே, உங்கள் தெருவில் பட்டையும் கயிறுமின்றி ஒருவர் குழிக்குள் இறங்கக் கண்டால் வேலையை நிறுத்தச் சொல்லுங்கள். ஒருவர் உள்ளே விழுந்துவிட்டாலோ, நீங்களும் இறங்காமல், பிறரையும் இறங்க விடாமல், சுவாசக் கருவியுடைய தீயணைப்புப் படையை அழையுங்கள்.