148-உம் 8.2-உம் ஒன்றுதான்



போன ஞாயிறு நம் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் இரண்டு படங்கள் வந்தன. இரண்டுமே சுகர் மெஷினின் திரை. சேதராப்பட்டிலிருந்து என் மச்சான் போட்டதில் 148. லண்டனிலிருந்து தங்கை மகன் போட்டதில் 8.2. மச்சானுக்கு ஏறிப்போச்சு என்று ஐந்தாறு பேர் வருத்தப்பட்டார்கள். மருமகனுக்கோ, "வெறும் எட்டா? உடனே சர்க்கரைத் தண்ணி குடிப்பா" என்று ஒரு பெரியம்மாவின் ஆலோசனை. கணக்கு வாத்தியாருக்குச் சிரிப்பதா, கோபப்படுவதா என்று தெரியவில்லை.

எண்ணுக்குப் பக்கத்தில் பொடி எழுத்தில் இருப்பதை யாரும் பார்க்கவில்லை. மச்சான் மெஷினில் mg/dL, அதாவது நூறு மில்லி ரத்தத்தில் எத்தனை மில்லிகிராம் குளுக்கோஸ். லண்டன் மெஷினில் mmol/L. அதை 18 ஆல் பெருக்கினால் நம் கணக்கு வந்துவிடும்: 8.2 × 18 = 147.6. இரண்டும் ஒரே அளவுதான்! பிரான்சில் இருக்கும் நம்மவர்களின் லேப் ரிப்போர்ட்டில் இதுவே 1,48 g/L என்று இருக்கும். அதைப் பார்த்தும் பதற வேண்டாம்.

சரி, அளவு ஒன்று. அர்த்தமும் ஒன்றா? மச்சான் "வெறும் வயிறு" என்று எழுதியிருந்தார். போன் போட்டு விசாரித்தேன். ஏழு மணிக்குச் சர்க்கரை போட்ட காபி, இரண்டு பிஸ்கட். எட்டு மணிக்கு விரலைக் குத்தியிருக்கிறார். காபியெல்லாம் சாப்பாடா என்று என்னையே கேட்கிறார்! வெறும் வயிறு என்றால் குறைந்தது எட்டு மணி நேரம் தண்ணீர் தவிர வேறெதுவும் கூடாது. அப்போது ரத்தத்தில் இருக்கும் குளுக்கோஸை ஈரல்தான் கொஞ்சம் கொஞ்சமாக விடுகிறது. சாப்பிட்டால் கதை வேறு. இட்லியின் மாவுச்சத்து குளுக்கோஸாகி ரத்தத்தில் சேரும், பெரும்பாலும் ஒரு மணி நேரத்தை ஒட்டி உச்சத்துக்குப் போகும், பிறகு இன்சுலின் அதைத் திசுக்களுக்குள் அனுப்ப, இறங்கும். அதனால்தான் முதல் வாயிலிருந்து இரண்டு மணி நேரம் எண்ணிப் பார்க்கச் சொல்கிறார்கள்.

சர்க்கரை நோய் இல்லாதவர்களுக்குப் பொதுவாக வெறும் வயிற்றில் 70 முதல் 100, சாப்பிட்டு இரண்டு மணி நேரத்தில் 140-க்குள் என்பார்கள். மருந்து எடுப்பவர்களுக்கு இலக்கை டாக்டர் தனியாகச் சொல்வார். மருமகன் தோசை சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்துப் பார்த்தவன். மச்சானின் 148-ஐயோ எந்தக் கட்டத்திலும் எழுத முடியாது. தவிர, வீட்டு மெஷின் நூறுக்கு மேல் 15 சதவீதம் வரை கூடக் குறையக் காட்டலாம், தரவிதியே அதை அனுமதிக்கிறது. மாம்பழம் நறுக்கிய கையைக் கழுவாமல் குத்தினால் இன்னும் ஏறும். நோய் உண்டா இல்லையா என்பதைச் சொல்ல லேப் பரிசோதனை இருக்கிறது. நானும் சொல்ல மாட்டேன், பெரியம்மாவும் சொல்ல வேண்டாம்.

என் கருத்து இதுதான்: அலகு, கடைசியாக வாயில் போட்டது என்ன, எத்தனை மணிக்கு என்று எழுதாத படத்தைக் குழுவில் போடாதீர்கள். போட்டாலும் மாத்திரைப் பெயர் சொல்லாதீர்கள். மச்சான் மறுநாள் காபிக்கு முன்னால் பார்த்து, நேரத்தோடு நோட்டில் எழுதி டாக்டரிடம் கொண்டுபோனார். என்ன எண் என்று எனக்கே சொல்லவில்லை.