மவுஸ் பிடித்து எழுதும் பரீட்சை

உடுமலைப்பேட்டையில் பிளஸ்-2 படிக்கும் ஒரு மாணவி. கணக்கில் கெட்டிக்காரி. கோவைக்குப் போய் ஜே.இ.இ. மெயின் நுழைவுத்தேர்வு எழுதுகிறாள் என்று வைத்துக்கொள்வோம். என்ஜினீயரிங் படிப்புக்கான இந்தப் பரீட்சை 2019-ம் ஆண்டு முதல் கம்ப்யூட்டரில்தான் நடக்கிறது. 3 மணி நேரம். 75 கேள்விகள். சரியான விடைக்கு 4 மார்க்.

12-வது கேள்விக்குச் சரியான விடையை மவுசால் தொட்டாள். 40-வது கேள்வி சுலபமாக இருக்கும் என்று நினைத்தாள். திரையின் ஓரத்தில் உள்ள கட்டங்களில் 40-ஐ அழுத்தி அங்கே தாவினாள். அவ்வளவுதான், 12-வது விடை போயிற்று!

காகிதத்தில் பேனாவால் எழுதியது அப்படியே நிற்கும். பக்கத்தைப் புரட்டினால் அழியாது. கம்ப்யூட்டரில் Save & Next என்ற பொத்தானை அழுத்தினால்தான் விடை பதிவாகும். எண்ணைத் தொட்டுத் தாவினால் பதிவாகாது.

இதைக் கண்டுபிடிக்க வழி உண்டு. பதிவான கேள்வியின் கட்டம் பச்சையாகும். பார்த்துவிட்டு விடை பதியாமல் விட்டது சிவப்பு. பிறகு பார்க்கலாம் என்று குறித்து வைத்தது ஊதா. ஊதாவில் பச்சை அடையாளமும் இருந்தால் விடை பதிவாகியிருக்கிறது, அது திருத்தப்படும். வெறும் ஊதாவுக்கு ஒன்றும் கிடையாது. ஆகவே கடைசி ஐந்து நிமிடத்தைப் புதுக் கணக்குக்குச் செலவிடுவதைவிட, நிறங்களைப் பார்ப்பதற்கு ஒதுக்குவது மேல். கடிகாரம் பூஜ்யத்தைத் தொட்டதும் பரீட்சை தானாகவே முடிந்துவிடும். "ஒரு நிமிஷம் சார்" என்று கெஞ்ச அங்கே ஆள் இல்லை.

வங்கி வேலைக்கான ஐ.பி.பி.எஸ். முதற்கட்டத் தேர்வு இன்னும் கறார். ஒவ்வொரு பகுதிக்கும் 20 நிமிடம். அது முடிந்தால் கதவு சாத்தியது போலத்தான். பழைய பகுதிக்குத் திரும்ப முடியாது.

ஜே.இ.இ. தேர்வில் இடைவேளை கிடையாது. கழிப்பறைக்குப் போனாலும் கடிகாரம் ஓடும். 2024 முதல், போய் வருகிறவர்களை மறுபடியும் சோதனை போட்டு, விரல்ரேகை போன்ற அடையாளங்களையும் சரிபார்த்தே உள்ளே விடுகிறார்கள். அந்த நேரமும் மாணவியின் கணக்கில்தான் கழியும். நிறையத் தண்ணீர் குடித்துவிட்டுப் போகச் சொல்லும் தாய்மார்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

கணக்குப் போட வெள்ளைத்தாள் தருவார்கள். அதில் பெயரும் பதிவு எண்ணும் எழுதி, வெளியே வரும்போது ஒப்படைத்துவிட வேண்டும். கேள்வித்தாளின் ஓரத்தில் கிறுக்கிப் பழகிய பிள்ளைகள் இங்கேதான் தடுமாறுகிறார்கள். திரையில் இருக்கும் முக்கோணத்தின் மேல் கோடு இழுக்க முடியாது. படத்தைத் தாளில் பெயர்த்துப் போட்டுத்தான் கணக்கைத் தொடங்க வேண்டும். கேள்வி எண்ணைப் பக்கத்தில் எழுதாவிட்டால், திரும்பி வரும்போது எது எந்தக் கணக்கு என்று தெரியாது.

பாடம் தெரிந்த பிள்ளை பொத்தான் தெரியாமல் மார்க்கை இழப்பது அநியாயம். வீட்டில் கம்ப்யூட்டர் உள்ள பிள்ளைக்கு இந்தக் கவலை குறைவு. பனியன் கம்பெனித் தொழிலாளியின் மகளுக்கு அந்த வசதி ஏது? தேர்வை நடத்தும் தேசிய தேர்வு முகமையின் இணையதளத்தில் மாதிரித் தேர்வு இலவசமாகவே இருக்கிறது. கம்ப்யூட்டர் அறை உள்ள பள்ளிகள், பரீட்சைக்கு முந்தைய மாதத்தில் சில சனிக்கிழமைகளில் அதைத் திறந்துவிட வேண்டும். ஆளுக்கு நாலு வெள்ளைத்தாள் கொடுத்து, 3 மணி நேரம் எழுந்திருக்காமல் உட்கார வைத்துப் பழக்க வேண்டும்.