ஆராய்ச்சி மானியமும் ஊரார் குழுவும்

சர்க்காரோ, ஒரு தர்ம ஸ்தாபனமோ பணம் கொடுத்து ஆராய்ச்சி நடத்துவதென்றால், அந்த ஆராய்ச்சி நடக்கப்போகும் ஊராரிடமும் விஷயத்தைச் சொல்லி அவர்கள் அபிப்பிராயத்தைக் கேட்க வேண்டும் என்கின்ற ஏற்பாடு இப்போது ஏற்பட்டு வருகின்றது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் 2017-ல் வெளியிட்ட நெறிமுறைகளிலும் சமூகத்தாரைக் கலந்துகொள்வது பற்றிச் சொல்லப்பட்டிருக்கின்றது. இதை நாம் மனதார வரவேற்கின்றோம். ஆனால் கேட்பது எந்தப் பாஷையில் என்பதுதான் நமது கேள்வி. இங்கிலீஷில் எழுதிய விண்ணப்பத்தின் சுருக்கத்தை யாரோ ஒருவர் அகராதியைப் பார்த்துத் தமிழாக்கி, ஊர்க் குழுவின் முன் வைத்து, “படித்துப் பாருங்கள், சம்மதந்தானே?” என்று கேட்டால், அவர்கள் தலையை ஆட்டுவதற்கும் புரியாத மந்திரத்திற்குத் தலையை ஆட்டுவதற்கும் என்ன வித்தியாசம்?

உதாரணத்திற்கு ஒரு திட்டத்தை எடுத்துக்கொள்வோம். தர்மபுரி ஜில்லாவில் கிணற்று நீரிலும் ஆழ்குழாய் நீரிலும் ப்ளோரைடு மிகுதி என்பதும், அதனால் பற்களில் கறையும் எலும்பில் வலியும் வளைவும் உண்டாகின்றன என்பதும் நெடுங்காலமாகத் தெரிந்த சங்கதி. அங்கே சில கிராமங்களில் குடிநீரையும் பள்ளிப் பிள்ளைகளின் பற்களையும் பரிசோதிக்க மூன்று வருஷத் திட்டம் ஒன்று வருவதாக வைத்துக்கொள்வோம். கீழே வரும் தொகைகள் விளக்கத்திற்காக நாமே போட்டவை.

சுருக்கத்தில் இரண்டு விதமான சொற்கள் இருக்கும். ஒன்று சயன்ஸ் சொல். மற்றொன்று பணச் சொல். இவ்விரண்டையும் ஒரே மாதிரி நடத்துவதுதான் மொழிபெயர்ப்பாளர்கள் செய்யும் முதல் தவறு. சயன்ஸ் சொல்லை அவிழ்த்துவிடலாம், அவிழ்க்கத்தான் வேண்டும். ‘பல் ப்ளோரோசிஸின் பரவல் வீதத்தைக் குறுக்குவெட்டு ஆய்வின் மூலம் நிர்ணயித்தல்’ என்று எழுதினால் அது தமிழ் எழுத்தில் இருக்கின்றதே ஒழிய தமிழாக இல்லை. “இந்த ஊர்களில் 100 பிள்ளைகளில் எத்தனை பேருக்குப் பல்லில் கறையோ குழியோ இருக்கின்றது என்று ஒரு தடவை வந்து பார்த்து எண்ணுவது” என்றால் முடிந்தது. ஒரு தடவை மட்டுமே பார்ப்பதால், நோய் கூடுகின்றதா குறைகின்றதா என்பது இதில் தெரியவராது என்று இன்னொரு வாக்கியமும் சேர்க்க வேண்டும். அந்த ஒரு வாக்கியத்தை விட்டுவிட்டால் ஊரார் இல்லாத பலனை எதிர்பார்த்துச் சம்மதித்துவிடுவார்கள். ஆகவே சுலபமாக்குவது என்பது குறைத்துச் சொல்லுவதல்ல. சில இடங்களில் நீட்டிச் சொல்லுவதுமாகும். அளவுகளை மாத்திரம் தொடக்கூடாது. குடிநீரில் லிட்டருக்கு 1 மில்லிகிராம் ப்ளோரைடு ஏற்கத்தக்கது, வேறு நீர் கிடைக்காவிட்டால் 1.5 மில்லிகிராம் வரை பொறுக்கலாம் என்பது இந்திய தர நிர்ணயம். இதை “கொஞ்சம் இருந்தால் பாதகமில்லை” என்று எழுதுவது சுலபமாக்குவதல்ல, பொய்யாக்குவதாகும்.

இனி பணச் சொல்லுக்கு வருவோம். இதை அவிழ்த்து விடக்கூடாது. ஒரு சொல்லுக்கு ஒரு தமிழ்ச் சொல் என்று முடிவு செய்து, முதல் தடவை வரும்போது அதன் பொருளை ஒரு வாக்கியத்தில் சொல்லிவிட்டு, கடைசிப் பக்கம் வரை அதே சொல்லையே போட வேண்டும். அழகுக்காக ஓரிடத்தில் ‘செலவு’ என்றும், மற்றோரிடத்தில் ‘செலவினம்’ என்றும், வேறோரிடத்தில் ‘ஒதுக்கீடு’ என்றும் மாற்றிப் போடுவது கட்டுரைக்குப் பொருந்தலாம், கணக்குக்குப் பொருந்தாது. படிப்பவர் அவற்றை மூன்று தனித்தனித் தொகைகள் என்றுதான் எண்ணுவார். அப்படி எண்ணுவது அவருடைய அறியாமையல்ல, புத்திசாலித்தனமேயாகும்.

நமது திட்டத்தின் கணக்கு இது: கருவிக்கு 8 லட்சம், சம்பளத்திற்கு 18 லட்சம், பரிசோதனைச் சாமான்களுக்கு 5 லட்சம், பயணத்திற்கு 3 லட்சம், கலந்துகொள்ளுகின்றவர்களுக்கு 2 லட்சம், முன்கூட்டித் தெரியாத சில்லறைச் செலவுக்கு 1 லட்சம். ஆக 37 லட்சம். இத்துடன் நிறுவனத்தின் மேற்செலவு 2,90,000. மொத்தம் 39,90,000 ரூபாய்.

இங்கிலீஷ் தாளில் இந்த மொத்தம் 3.99 மில்லியன் என்று இருக்கலாம். ஒரு மில்லியன் என்பது 10 லட்சம். அவசரத்தில் அதை 3.99 லட்சம் என்று எழுதிவிட்டால் நாற்பது லட்சத்துத் திட்டம் நான்கு லட்சமாகிவிடும். இதைக் கண்டுபிடிக்கச் சுலபமான வழி, தமிழில் எழுதிய தொகைகளைத் தமிழ்த் தாளிலேயே திரும்பக் கூட்டிப் பார்ப்பதுதான். தவறு எங்கே என்று கூட்டல் காட்டிக்கொடுத்துவிடும்.

பரிசோதனைச் சாமான்கள் என்று நாம் சொன்னதை, அகராதி பார்ப்பவர் ‘நுகர்பொருள்கள்’ என்று எழுதுவார். அகராதிப்படி சரிதான். ஆனால் இந்த நாட்டில் நுகர்பொருள் வாணிபக் கழகம் என்று ஒன்று இருந்துகொண்டு ரேஷன் கடைக்கு அரிசியும் சர்க்கரையும் அனுப்புகின்றது. ‘நுகர்பொருள்களுக்கு 5 லட்சம்’ என்று கேட்ட ஓர் அம்மாள், எங்கள் ஊருக்கு எப்போது மூட்டை வரும் என்று கேட்டால் அது யாருடைய குற்றம்? “தண்ணீர் எடுக்கும் பிளாஸ்டிக் புட்டி, ரசாயனக் கரைசல், கையுறை முதலிய, உபயோகித்துத் தீர்ந்துபோகும் சாமான்கள்” என்று எழுதினால் சந்தேகத்திற்கு இடமில்லை. (ப்ளோரைடு கண்ணாடியோடு சேர்ந்து மாறக்கூடியதாகையால் புட்டி பிளாஸ்டிக்காக இருக்க வேண்டும். விலை ஏன் அவ்வளவு என்று கேட்கும் குழுவுக்கு இதையும் சொல்லலாம்.)

மேற்செலவு என்பது இன்னும் விபரீதமானது. கட்டிடம், மின்சாரம், கணக்கு எழுதும் குமாஸ்தா முதலிய பொதுச் செலவில் இந்தத் திட்டத்திற்கு வரும் பங்கு அது. அதற்கு ‘மறைமுகச் செலவு’ என்று ஒரு பெயர் வழங்குகின்றது. ‘மறைமுகச் செலவு 2,90,000’ என்று ஒரு கூட்டத்தில் படித்துப் பாருங்கள். யாரோ எதையோ மறைத்துத் தின்கின்றார்கள் என்றுதான் முகங்கள் சொல்லும். ‘நிறுவனத்தின் பொது மேற்செலவு’ என்றால் அந்த ஆபத்து இல்லை. ஆனால் பெயரைவிடப் பெரிய ஆபத்து சதவீதத்தில் இருக்கின்றது. இங்கிலீஷில் ‘10 சதவீத மேற்செலவு’ என்று மட்டும் இருக்கும். எதில் 10 சதவீதம்? நமது கணக்கில் கருவி விலையைத் தள்ளி, மீதி 29 லட்சத்திற்கு நூற்றுக்குப் பத்து போட்டிருக்கின்றது, அது 2,90,000. மொழிபெயர்ப்பாளர் ‘மொத்தத் தொகையில் 10 சதவீதம்’ என்று ஒரு வார்த்தையைத் தாராளமாகச் சேர்த்துவிட்டால், குழுவில் கணக்குத் தெரிந்த ஒருவர் 39,90,000-க்கு 3,99,000 என்று போட்டுப் பார்த்து, மீதி 1,09,000 எங்கே போயிற்று என்று கேட்பார். அவர் கேட்பது நியாயமே. எதன்மேல் போட்ட சதவீதம் என்பது மூலத்தில் இல்லையானால், விண்ணப்பித்தவரைக் கேட்டு எழுத வேண்டுமே தவிர ஊகித்து எழுதக்கூடாது.

இப்படிக் கேட்டுத்தான் எழுத வேண்டிய இன்னொன்று, கலந்துகொள்ளுகின்றவர்களுக்கு என்று போட்ட 2 லட்சம். இங்கிலீஷில் ‘காம்பென்சேஷன்’ என்ற ஒரே சொல் மூன்று காரியத்திற்கு வரும். பிள்ளையை அழைத்துவந்த தாய்க்கு பஸ் கட்டணமும் அன்று போன கூலியும் திருப்பிக் கொடுப்பது ஒன்று. நேரம் கொடுத்ததற்காகச் சிறு தொகை தருவது மற்றொன்று. ஆராய்ச்சியால் உடம்புக்குக் கெடுதி நேர்ந்தால் கொடுக்கும் நஷ்டஈடு மூன்றாவது. முதலாவதை ‘நஷ்டஈடு’ என்று எழுதினால், பிள்ளைக்கு என்ன நஷ்டம் வரப்போகின்றது என்று தாய்மார் பயந்து ஓடுவார்கள். மூன்றாவதை ‘ஊக்கத்தொகை’ என்று எழுதினாலோ, கெடுதி நேர்ந்தால் கேட்கும் உரிமை தங்களுக்கு உண்டு என்பதே அவர்களுக்குத் தெரியாமல் போய்விடும். முதல் தவறால் ஆராய்ச்சி கெடும். இரண்டாவதால் ஏழை கெடுவான். எனவே இவ்விடத்தில் மொழிபெயர்ப்பாளர் பேனாவை வைத்துவிட்டு ஆராய்ச்சியாளரிடம் போய், “எதைச் சொல்லுகின்றீர்கள்?” என்று கேட்பதே முறை. அவருக்கே தெளிவில்லை என்று தெரியவருமானால், அது ஊராருக்கு முன்கூட்டியே கிடைத்த லாபம்.

‘மானியம்’ என்ற சொல்லைப் பற்றியும் ஒரு வார்த்தை. சட்டசபையில் மானியக் கோரிக்கை என்றால் ஒரு பொருள். உர மானியம் என்றால் வேறு பொருள். வழக்கில் உள்ள சொல்லாகையால் அதை மாற்ற நாம் சொல்லவில்லை. “இது வீட்டுக்கு வீடு தரும் பணமல்ல, ஆராய்ச்சி நடத்தும் நிறுவனத்திற்குத் தருவது” என்று முதல் பக்கத்திலேயே எழுதிவிட வேண்டும். அதுபோலவே அனுமதித்த தொகை, வந்துசேர்ந்த தொகை, செலவான தொகை ஆகிய மூன்றும் மூன்று. 39,90,000 அனுமதியாகி, முதல் வருஷம் 17 லட்சம் வந்து, 15 லட்சம் செலவானால், மீதி 2 லட்சத்திற்கு ‘கையிருப்பு’ என்று பேர், ‘மிச்சம்’ அல்ல. மத்திய சர்க்கார் பணமானால், 2017-ம் வருஷத்துப் பொது நிதி விதிகளின்படி, செலவுக்கு 12-ஏ பாரத்தில் பயனீட்டுச் சான்று கொடுக்க வேண்டும். வந்த பணத்திற்கு பாங்கி கொடுத்த வட்டியைக்கூட சர்க்கார் கஜானாவுக்கே திருப்ப வேண்டும்.

மொழிபெயர்ப்பு சரியாயிருக்கின்றதா என்று பார்ப்பதற்கு, வேறொருவரைக் கொண்டு அதைத் திரும்ப இங்கிலீஷில் எழுதச் செய்து ஒத்துப் பார்ப்பது ஒரு வழி. எண்ணும் சொல்லும் மாறியிருந்தால் அதில் தெரிந்துவிடும். ஆனால் நுகர்பொருள் என்பது ரேஷன் அரிசியாகப் புரிந்துகொள்ளப்படும் என்பது அதில் தெரியாது. ஏனெனில் திரும்ப எழுதுகிறவரும் அகராதி படித்தவர்தானே. அதற்கு, குழுவில் அதிகம் படிக்காத இருவரிடம் தாளைப் படித்துக்காட்டிவிட்டு, மூடி வைத்து, அவர்கள் வாயால் சொல்லச் சொல்ல வேண்டும். “புரிந்ததா?” என்று கேட்கக்கூடாது. நம் ஜனங்கள் மரியாதைக்காகவே புரிந்தது என்று சொல்லிவிடுவார்கள். கேட்க வேண்டிய கேள்வி வேறு: பஸ் காசு யார் கொடுப்பார்கள்? உடம்புக்கு ஏதாவது வந்தால் யாரைக் கேட்பீர்கள்? மூன்று வருஷம் கழித்து அந்த 8 லட்ச ரூபாய்க் கருவி யாருடையது? கடைசிக் கேள்விக்கு “எங்கள் ஊர் ஆஸ்பத்திரிக்கு” என்று பதில் வருமானால், கருவி நிறுவனத்திடமே இருக்கும், மானியம் கொடுத்த சர்க்காரின் அனுமதியின்றி அதை விற்கவோ வேறு காரியத்திற்குத் திருப்பவோ முடியாது என்னும் வாக்கியம் தாளில் விட்டுப்போயிருக்கின்றது என்று பொருள். அதை எழுதிச் சேர்த்த பிறகே கூட்டம் கூட்ட வேண்டும்.