தட்டில் இருக்கும் வரை பொருள் யாருடையது?

கிளிநொச்சியில் மிளகாய்த்தூள் அரைத்து விற்கும் ஓர் அக்காவின் கணக்குக் கொப்பியைப் பார்த்தேன். கொழும்பு சுப்பர் மார்க்கெட் ஒன்றுக்கு 120 பைக்கற்றுகள் கொடுத்திருந்தார். மாத முடிவில் விற்றதாகச் சொல்லப்பட்டவை 78, திரும்பி வந்தவை 31. மீதி 11 எங்கே? பதில் இல்லை. காசு 78க்குத்தான் வந்தது.

இந்த ஏற்பாட்டில் பொருளைக் கடை வாங்குவதில்லை. வைத்து விற்றுக் கொடுக்கிறது. விற்கும் வரை அது கொடுத்தவரின் உடைமை. வேறு இணக்கம் இல்லாவிட்டால், உடைமை கைமாறும் வரை நட்டமும் அவருக்கே என்கிறது 1896ஆம் ஆண்டின் பொருள் விற்பனைக் கட்டளைச் சட்டம். ஆனால் கடையின் கவனக்குறைவால் தொலைந்தால் கடைக்கும் பொறுப்பு உண்டு. அதைக் கேட்க, இறக்கிய அன்றே கடை எண்ணிக் கையெழுத்திட்ட பற்றுச்சீட்டு வேண்டும். அக்காவிடம் இருந்தது லொறிச் சாரதியின் கையெழுத்து மட்டும்.

பெரிய கம்பனிகளும் கடைத் தட்டைத் தாங்களே நிரப்புவதுண்டு. 1980களில் அமெரிக்காவில் வோல்மார்ட்டும் புரொக்டர் அன்ட் கேம்பிளும் பழக்கிய முறை அது. அங்கே விற்பனைக் கணக்கு கணினிவழி கம்பனிக்குப் போகும். அதைப் பார்த்தே அடுத்த சரக்கு வரும். அக்காவுக்கோ மாதம் ஒரு தடவைதான் கணக்கு. குறை இங்கேதான் என்று நினைக்கிறேன். குத்துமதிப்பாக அனுப்புகிறார், கூடியது திகதி முடிந்து திரும்புகிறது.

இம்முறை 60 மட்டும் கொடுத்து, பதினைந்து நாளுக்கொரு தடவை எண்ணித் தரும்படி கேட்டிருக்கிறார். கடை இன்னும் பதில் சொல்லவில்லை.