500 எழுத்துப் பெட்டிக்குள் ஒரு மனு

அரசுத் துறையோ வங்கியோ, இப்போது புகார் என்றால் இணையப் படிவம்தான். பெயர், முகவரி, கைபேசி எண் எல்லாம் கேட்டுவிட்டு, கடைசியில் ஒரு சின்னப் பெட்டியைக் காட்டி ‘500 எழுத்துகளுக்குள்’ என்பார்கள். தபாலில் மூன்று பக்கம் எழுதிப் பழகியவர்களுக்குக் கை ஓடாது.

முதலில் கணக்கைப் புரிந்துகொள்ளுங்கள். ‘எழுத்து’ என்ற சொல்லில் நமக்குத் தெரிவது நான்கு எழுத்து. பெரும்பாலான படிவங்களுக்கு அது ஏழு. கொம்பு, கால், புள்ளி, சுழி ஒவ்வொன்றையும் தனியாக எண்ணுகின்றன. இடைவெளியும் கணக்கில் சேரும். ஆகவே தமிழில் 500 என்பது நாம் நினைப்பதைவிடக் குறைந்த இடம். ‘மதிப்பிற்குரிய ஐயா அவர்களுக்கு வணக்கம்’ என்று தொடங்கினாலே 38 போய்விடும்.

எதை வெட்டுவது? படிவம் ஏற்கெனவே கேட்டுவிட்டதைத்தான். பெயரும் முகவரியும் மேலே இருக்கின்றன. துறையையும் பட்டியலில் தேர்ந்தெடுத்தாகிவிட்டது. அவற்றைத் திரும்ப எழுத வேண்டாம். ‘பலமுறை அலைந்தோம்’, ‘மிகுந்த மன உளைச்சல்’ போன்றவையும் வேண்டாம். அந்த இடத்தில் ஒரு தேதியை எழுதினால், அதிகாரியால் சரிபார்க்க முடியும்.

ஒரு பாட்டிக்கு முதியோர் ஓய்வூதியம் நின்றுவிட்டது, பேரன் மனு எழுதுகிறான் என்று வைத்துக்கொள்வோம். அவன் முதலில் எழுதியது பாட்டியின் வாழ்க்கைக் கதை. தாத்தா இறந்தது, மாத்திரைச் செலவு, வங்கிக்கு ஆட்டோவில் போனது எல்லாம் வந்து, கடைசி வரியில்தான் ‘ஓய்வூதியம் தர வேண்டும்’ என்ற கோரிக்கை. சில பெட்டிகள் அளவு மீறியதை எச்சரிக்கும். சில, சொல்லாமலே வாலை நறுக்கிவிடும். அப்படி நறுக்கினால் போவது அந்தக் கோரிக்கைதான்.

அதனால் கோரிக்கை முதல் வரியில் வரட்டும். திருத்திய மனு இப்படி:

“2025 மார்ச் முதல் மே வரை வராத முதியோர் ஓய்வூதியம் ரூ.3,600-ஐ வழங்க வேண்டுகிறேன். பயனாளி என் பாட்டி, வயது 74, ஓய்வூதிய ஆணை எண் 00000. பிப்ரவரி வரை மாதம் ரூ.1,200 கணக்கில் வந்தது. மே 6 அன்று வட்டாட்சியர் அலுவலகத்தில், வங்கிக் கணக்குடன் ஆதார் இணையவில்லை என்றார்கள். மே 9 அன்று இணைத்துவிட்டோம், வங்கி ரசீது இணைப்பில் உள்ளது. வழங்க இயலாவிட்டால் காரணத்தைத் தெரிவிக்கவும்.”

கணினிக் கணக்கில் இது சுமார் 365. பூஜ்யங்கள் இருக்கும் இடத்தில் உண்மையான எண் வரும். ஆட்டோவும் மாத்திரையும் போய்விட்டன. ஆனால் ஆதார் விஷயம் தங்கிவிட்டது. அதை விட்டிருந்தால், ‘ஆதாரை இணைக்கவும்’ என்ற ஒரே வரிப் பதிலோடு மனுவை முடித்துவிட வாய்ப்புண்டு. அவர்கள் என்ன பதில் சொல்லக்கூடும் என்று யோசித்து, அதற்கு முன்கூட்டியே ஒரு வரி ஒதுக்குவது நல்லது. கடைசி வாக்கியமும் வெறும் மரியாதைக்காக இல்லை. ‘ஆவன செய்யவும்’ என்றால் ‘பரிசீலனையில் உள்ளது’ என்று பதில் வரும். காரணம் கேட்டால் ஏதாவது ஒன்றைச் சொல்லியாக வேண்டும்.

இடம் மிச்சமிருக்கிறதே என்று இரண்டாவது புகாரை நுழைக்காதீர்கள். ரேஷன் கார்டுப் பிரச்சினையும் இதிலேயே இருந்தால், ஒன்றுக்கு மட்டும் பதில் சொல்லி இரண்டையும் முடித்துவிடுவார்கள். அதற்குத் தனி மனு போடுங்கள்.

பெட்டிக்குள்ளேயே நேராக எழுத வேண்டாம். நேரமாகிவிட்டால் பக்கம் தானாக வெளியேறி, எழுதியது அழிந்துபோகும். கைபேசிக் குறிப்பேட்டில் எழுதி, ஒட்டுங்கள். ஒட்டியதும் கடைசி வாக்கியம் முழுதாக இருக்கிறதா என்று பாருங்கள். பத்தி பிரித்தது சேர்ந்துவிடலாம் என்பதால், பத்தியை நம்பாமல் சிறு வாக்கியங்களாக எழுதுவதே பாதுகாப்பு.

சில படிவங்கள் மேற்கோள் குறி போன்றவற்றை ஏற்காது. மத்திய அரசின் தகவல் உரிமைத் தளமான rtionline.gov.in-இல் பெட்டிக்கு 3,000 எழுத்து வரை இடமுண்டு. ஆனால் அதில் ஆங்கில எழுத்து, எண், சில குறிகள் மட்டுமே செல்லும். 3,000-ஐத் தாண்டினால் மனுவைத் தனிக் கோப்பாக இணைக்கலாம். ஆகவே பெட்டிக்குக் கீழே உள்ள சிறு எழுத்துக் குறிப்பை முதலில் படியுங்கள்.

அனுப்பியதும் வரும் பதிவு எண்ணைப் படம்பிடித்து, மனுவின் நகலோடு சேர்த்து வையுங்கள். மேல்முறையீடு செய்ய அந்த எண் தேவைப்படும்.